சோடாபுட்டிக்கு வந்த மரியாதை

எங்கள் முதல்வர் மேடம் யாரையும் லேசில் பாராட்டிவிட மாட்டார். அதனால் திங்கட்கிழமை காலை அவர் தன் போனை என் பக்கம் நீட்டி, "உங்க வாயாடி அனுப்பின லீவ் லெட்டர். நல்லாத்தான் பாடம் நடத்தியிருக்கீங்க" என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் தமிழ் ஆசிரியை. எனக்கு இதெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை கிடைத்தாலே பெரிய விஷயம்.

*மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். உடல்நலக் குறைவு காரணமாக ஒரு வாரத்திற்கு என்னால் பள்ளிக்கு வர இயலவில்லை. ஆகவே, எனக்கு விடுப்பு அளிக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் பொருட்டு இல்லத்திற்கு எவரும் வரத் தேவையில்லை. இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி.*

ஒன்பதாம் வகுப்பு வாயாடி. அம்மா வெளியூரில் வேலை பார்க்கிறார், இவள் சித்தப்பா வீட்டில் இருக்கிறாள். போன வாரம்தான் "ஒரே செய்தி, இரண்டு கடிதம்" என்று பயிற்சி கொடுத்திருந்தேன். கால் சுளுக்கிவிட்டது, பந்தயத்தில் ஓட முடியாது என்பதை முதல்வருக்கு ஒரு முறை, தோழிக்கு ஒரு முறை எழுத வேண்டும். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் "மதிப்பிற்குரிய"வை அடித்துவிட்டு "அன்புத் தோழி" என்று போட்டு, மிச்சத்தை அப்படியே இறக்கி வைத்திருந்தார்கள். வாயாடி மட்டும் முதல்வருக்குக் காரணத்தையும் வேண்டுகோளையும் மூன்று வரியில் முடித்துவிட்டு, தோழிக்கு இப்படி எழுதியிருந்தாள்: "ஏய் சோடாபுட்டி, போச்சுடி, எல்லாம் போச்சு! காலு பலூனாட்டம் வீங்கிக் கெடக்கு. எப்படி விழுந்தேன்னு மட்டும் கேக்காத, சிரிப்ப." புலம்பல் முதலில், காரணம் பிறகு, வேண்டுகோளே கிடையாது. முழு மதிப்பெண் போட்டேன்.

சோடாபுட்டி என்பது அவள் பக்கத்தில் உட்காரும் கண்ணாடிக்காரி. மதிய இடைவேளையில் அவள் ஆசிரியர் அறைக்கு வந்து, பாவாடைப் பையிலிருந்து போனை எடுத்தாள். பள்ளிக்குப் போன் கொண்டுவந்தால் பிடுங்கி வைப்பவள் நான். அது தெரிந்தும் என்னிடமே எடுத்து நீட்டுகிறாள் என்றால் ஏதோ சரியில்லை என்று பட்டது.

"மிஸ், அவ எனக்கு இத அனுப்பியிருக்கா."

*அன்புத் தோழிக்கு, வணக்கம். உடல்நலக் குறைவு காரணமாக ஒரு வாரத்திற்கு என்னால் பள்ளிக்கு வர இயலவில்லை. ஆகவே, நீ கவலைப்பட வேண்டாம். என்னைக் காண இல்லத்திற்கு வரத் தேவையில்லை. இப்படிக்கு, உன் தோழி.*

நான் சிரித்துவிட்டேன். "பரவாயில்லையே, உனக்கும் மரியாதை குடுத்துட்டா."

அவள் சிரிக்கவில்லை. "அவ எனக்கு வணக்கம் சொல்ல மாட்டா மிஸ். எருமைன்னுதான் ஆரம்பிப்பா." பழைய செய்திகளைத் தள்ளிக் காட்டினாள். எருமை, லூசு, செத்தேன்டி, அடச்சீ. நான் இருந்த இருப்பில் எழுத்துப் பிழைகளைக்கூட எண்ணினேன். வாக்கியம் எப்படி ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று பார்த்தேனே தவிர, அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்கவில்லை. தொழில் புத்தி, வேறென்ன.

ஆனால் ஒன்று மட்டும் உறைத்தது. முழு மதிப்பெண் வாங்கியவள் இந்தத் தப்பைச் செய்ய மாட்டாள். விளிப்பை மட்டும் மாற்றிவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டிருப்பது வேறு யாரோ. அதோடு, எந்தப் பிள்ளை விடுப்புக் கடிதத்தில் வீட்டுக்கு வராதீர்கள் என்று எழுதும்? காலையில் நான் அதைப் படித்துவிட்டுப் பூரித்துப்போய் நின்றிருக்கிறேன்.

"நீ எப்பவும் எழுதற மாதிரி எழுது. பார்க்கலாம்" என்றேன்.

அவள் தட்டினாள்: "எருமை, என்னடி ஆச்சு, நடிக்காத."

பதில் உடனே வந்தது. *நான் நடிக்கவில்லை. காய்ச்சலாக உள்ளது.*

"லூசு, யாருடி நீ, பாட்டியாட்டம் பேசற?"

இந்த முறை பதில் உடனே வரவில்லை. திரையில் மூன்று புள்ளிகள் தோன்றின, மறைந்தன, மறுபடி தோன்றின. நான்கு நிமிடம். பிறகு: *லூசு, எனக்கு காய்ச்சல் டி. நீ கவலைப்படாதே டி.*

சோடாபுட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்ததற்கு இன்னும் அதிக நேரம் ஆனது. *அடச்சீ, சும்மா நச்சு பண்ணாத எருமை. செத்தேன்டி காய்ச்சல்ல.*

அங்கே யாரோ ஒருவர் வாயாடியின் போனைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய பேச்சுகளையெல்லாம் மேலே தள்ளித் தள்ளிப் படித்து, அவளைப் போலப் பேசக் கற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் கேள்வி கேட்கக் கேட்க அந்த ஆள் தேறிக்கொண்டே வந்தார். பாடம் நடத்தியது நான்தான்.

அடுத்து அதுவாகவே ஒன்று வந்தது. *ஏய், நேத்து அனுப்பின போட்டோ வெச்சிருக்கியாடி? யார்ட்டயாவது காமிச்சியா?*

"என்ன போட்டோ?" என்றேன்.

அவள் ஞாயிற்றுக்கிழமைச் செய்திக்குப் போனாள். இதே செய்தியைத்தான் சற்று முன் நான் பார்த்து, ஒற்றுப்பிழை கண்டுபிடித்திருந்தேன். "எருமை, எங்க வீட்டு பத்திரம் ஒண்ணு மாட்டுச்சுடி. அம்மா கையெழுத்த சித்தப்பாவே போட்டு பழகிருக்காரு, பக்கம் பக்கமா. போட்டோ அனுப்பறேன், பத்திரத்த பத்திரமா வெச்சுக்கோ. அம்மாட்ட சொல்லப் போறேன்." கீழே மங்கலாக ஒரு படம். ஒரே கையெழுத்து, முப்பது நாற்பது தடவை. முதல் வரிசையில் கோணல், கடைசி வரிசையில் அச்சு அசல்.

"ஜோக்குன்னு நெனச்சேன் மிஸ்" என்று அழுதாள்.

முதல்வர் அறைக்கு ஓடினோம். மேடம் எதையும் இரண்டு முறை கேட்கவில்லை, போலீஸுக்குப் போன் செய்தார். பிறகு நாங்கள் இருவரும் அறைக்கு வெளியே காத்திருந்தோம். அந்தப் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. வேண்டாத தெய்வமில்லை.

இரண்டே முக்காலுக்குச் சோடாபுட்டியின் போன் அதிர்ந்தது.

*எருமை!! போலீஸ்லாம் வந்து ஒரே கூத்துடி. தப்பிச்சிட்டேன். ஸ்கூல் கேட்டாண்ட நிக்கறேன், காலு நடுங்குது. மிஸ்ஸ கூட்டிட்டு வராத, நின்ன எடத்துல பாடம் எடுக்கும். போன எடுத்துட்டு ஓடி வாடி, அம்மாட்ட பேசணும்.*

எனக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. என்னைக் கிண்டல் செய்கிறாள் என்றால் அது வாயாடியேதான். வேறு யாருக்கு வரும் அந்த வாய்? "போடி, ஓடு" என்று நானே அவளை முதுகில் தட்டி அனுப்பினேன்.

அவள் படியிறங்கிய சத்தம் ஓய்வதற்குள் முதல்வர் மேடம் வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "பொண்ணு கெடச்சிட்டா. உயிரோட இருக்கா. சித்தப்பன்தான் பின்ரூம்ல போட்டுப் பூட்டி வெச்சிருக்கான். தூக்க மாத்திரை குடுத்திருக்கான், இன்னும் கண்ணு முழிக்கல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க."

"முழிக்கலையா?"

"ஆமா. அவன் மட்டும் ஓடிட்டான். அவ போனும் அவன்கிட்டதான் இருக்காம்."

செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். மைதானத்தின் பாதியில் அவள் இரட்டைச் சடை துள்ளத் துள்ளப் போய்க்கொண்டிருந்தாள். பெயரைச் சொல்லிக் கத்தினேன், திரும்பவில்லை. "எருமை!" என்று கத்தினேன். நின்றாள். ஓடிப்போய் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். கேட் பத்தடிதான் இருக்கும். காவலாளியிடம் பூட்டச் சொல்லிக் கையை ஆட்டினேன். கம்பிகளுக்கு அப்பால் சாலை வெறிச்சோடிக் கிடந்தது, எதிர்ச் சாரியில் கார்கள் வரிசையாக நின்றன, எதிலும் ஆள் இருப்பதாகத் தெரியவில்லை.

"மிஸ், வலிக்குது. அவ எங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. இந்த முறை பார்த்து எழுத அவனுக்கு நேரம் இருந்திருக்காது.

*தாங்கள் இருவரும் ஏன் அங்கேயே நின்றுவிட்டீர்கள்?*