புதன்கிழமை கடைசி மணி

எங்கள் இயற்பியல் துறைக்கு டைம்டேபிள் போடுபவன் நான்தான். ஐந்து பேருக்கும் வாரம் பதினாறு மணி நேரம். யாருக்கும் அரை மணிகூட ஏற்ற இறக்கம் இருக்காது என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்கள் கல்லூரியில் லேபில் இரண்டு மணி நேரம் நின்றால் கணக்கில் ஒரு மணி. ஓம்ஸ் மேடத்துக்குப் பாடம் பத்து, லேப் பன்னிரண்டு. தாளில் பதினாறு, உண்மையில் இருபத்திரண்டு. அட்மிஷன் ஃபைல், தேர்வு வேலை, அரியர் வைத்த பிள்ளைகளுக்கான டியூட்டரிங் எதுவும் கணக்கிலேயே வராது. ஓம் விதியை விழுந்து விழுந்து நடத்துவதால் பிள்ளைகள் வைத்த பெயர்தான் ஓம்ஸ் மேடம்.

பருவம் தொடங்கியதும் என் மேசைக்கு வந்தார். அவர் அப்பாவுக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரியில் நாலு முதல் அஞ்சு வரைதான் பார்க்க விடுவார்கள்.

"கடைசி மணி மட்டும் எனக்கு வேணாம் சார். நான் ஊட்டினாத்தான் அப்பா வாயத் திறக்கிறாரு."

நான் மண்டையை உடைத்துக்கொண்டு நாலு நாளைக் காலி செய்தேன். புதன்கிழமை மட்டும் மிஞ்சியது. அவருடைய டியூட்டரிங்குக்கு வேறு நேரத்தில் அறையே கிடைக்கவில்லை.

"அது லோடுலயே வராது மேடம். கணக்குல சும்மாதான்" என்றேன்.

"கணக்குல சும்மா. என் காலு நம்பணுமே சார்!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் ஏமாற்றத் தெரியாதவர். மற்றவர்கள் டியூட்டரிங் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவுவார்கள். இவர் ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் முழு மணி நேரமும் நிற்பார். ஐந்து மணிக்கு மேல் ஓடிப்போய், மூடிய வார்டு கதவிலிருந்து திரும்பி வருவார். புதன்கிழமைகளில் அப்பா பட்டினியாகக் கிடந்தாராம். அதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. பிறகு அவர் தங்கை சொல்லித்தான் தெரிந்தது.

மூன்றாவது புதன், நாலரை மணி. துறை ஃபோன் அடித்தது, ஆஸ்பத்திரியிலிருந்து. எடுத்தவன் நான். மேடத்தின் செல் சைலண்டில் இருந்ததாம்.

வகுப்புக்கு ஓடினேன். உள்ளே நாலு பிள்ளைகள். போர்டில் பாதி வரைந்த சர்க்யூட்.

"ஒரு நிமிஷம் சார், இத முடிச்சிடறேன்" என்றார்.

"மேடம், நீங்க கிளம்புங்க. அப்பா..." என்றேன். அவர் சாக்பீஸைக் கீழே வைக்காமலே படியிறங்கினார்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். நான் புதன்கிழமையை அழித்துத் திருத்திய டைம்டேபிளை நீட்டினேன். மன்னிப்பு கேட்க ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தேன்.

அவர் தாளைப் படித்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"எல்லா நாளும் கடைசி மணிய எனக்கே போடுங்க சார். நாலு மணிக்கு நான் இனிமே எங்க போகப்போறேன்?"