நேரம் கிடைக்கும்போது

மொக்கைச்சாமிக்கு அடைமொழி இல்லாமல் பேச வராது. பெண்டாட்டி அன்னக்கொடியிடம் மோர் கேட்பதென்றாலும் "இல்லத்தரசியே" என்றுதான் ஆரம்பிப்பார். அன்னக்கொடி மோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பாள், இவர் இன்னும் மோருக்கே வந்திருக்க மாட்டார்.

ஆலங்குண்டில் கல்யாண வாழ்த்துமடல், மந்திரி வரவேற்பு, ஆடு காணாமல் போன மைக் அறிவிப்பு எல்லாம் அவர் கைதான். திருவாதவூர் பக்கம் எட்டு ஊருக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. கூம்பு ஸ்பீக்கரும் மைக் செட்டும் சொந்தமாக வைத்திருந்தார். "பேரன்பும் பெருமதிப்பும் பூண்ட" என்று ஸ்பீக்கரில் கேட்டால் பெண்கள் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வருவார்கள். சோறு வடிக்கிற நேரத்துக்கு விஷயம் வந்துவிடும்.

எழுபத்தேழாம் வருஷம் ஐப்பசி பிறந்ததுமே மழை பிடித்துக்கொண்டது. பெரிய கண்மாய் பாதிக்கு மேல் நிறைந்தது. மடை திறந்து அடைக்கிற பேயாண்டி ஒருநாள் காலையில் சாவடிக்கு வந்தார்.

"தென்மடைக்கிட்ட கரையோட அடியில ஈரம் கசியுதுப்பா."

"கண்மாய்னா கசியத்தானய்யா செய்யும்" என்றார் ஒருவர்.

"கசியும். தெளிவாக் கசியுற வரைக்கும் பயமில்ல. கலங்கி வந்துச்சுன்னா உள்ளுக்குள்ள மண்ணு கரைஞ்சு போகுதுன்னு அர்த்தம். அதுக்குள்ள ஆபீசரக் கூட்டியாந்து காமிக்கணும்."

கரைக்கு நேர் கீழேதான் கீழத்தெரு. மொக்கைச்சாமி வீடும் அங்கேதான். மனு எழுத அவரைத் தவிர யாரையும் யாரும் நினைக்கவில்லை. அவர் இரண்டு நாள் எழுதினார். சாவடியில் வாசித்துக் காட்டியபோது ஊரே கை தட்டியது. நீர்வளம் காக்கும் நித்திய கற்பகமே என்று தொடங்கி, கருணைக் கடலே, கடமையின் இமயமே என்று ஏறி, கடைசிப் பக்கத்தில் 'எங்கள் கண்மாய் அன்னை தென்மடை ஓரம் விழிநீர் சிந்துகின்றாள்' என்று முடிந்தது. பேயாண்டி மட்டும், "கரை கசியுதுன்னு எங்கப்பா வருது?" என்று கேட்டார்.

"அதுதான்ணே விழிநீர்."

"ஓகோ" என்றார் பேயாண்டி. அந்த 'ஓகோ' மொக்கைச்சாமிக்குப் பிடிக்கவில்லை.

மனு தபாலில் மதுரைக்குப் போனது. மழை விட்டு விட்டுப் பெய்தது. யாரும் வரவில்லை. மொக்கைச்சாமி மதுரைக்கு பஸ் ஏறி என்ஜினியர் ஆபீசுக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் அசந்துபோனார். அவருடைய மனுவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சந்தனப் பொட்டு வைத்துச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

"நீங்கதான் எழுதுனதா?" கிளார்க் எழுந்து கை கொடுத்தார். "எங்களை எல்லாரும் திட்டித்தான் எழுதுவாங்க. பாராட்டி ஒரு ஊர் எழுதுனது இதுதான் முதல் தடவை. கண்மாய் நிறைஞ்சு ஆனந்தக் கண்ணீர் விடுதுன்னு முடிச்சிருக்கீங்க பாருங்க, சார் ரெண்டு தடவை படிச்சார்."

மொக்கைச்சாமிக்கு முதலில் நெஞ்சு நிமிர்ந்தது. படியிறங்கும்போதுதான் கிளார்க் சொன்னது உறைத்தது. ஆனந்தக் கண்ணீராமே. வெளியே வானம் அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

கலெக்டர் ஆபீஸ் பக்கத்துப் புளியமரத்தடியில் தமிழ் டைப்ரைட்டர் வைத்திருந்தார் யூனுஸ். நாள் முழுக்க மனு அடிக்கிறவர். மொக்கைச்சாமி நடந்ததைச் சொல்லி, மனுவின் நகலை நீட்டினார். யூனுஸ் படித்துக்கொண்டே போனார்.

"அண்ணே, இதுல உங்களுக்கு என்ன வேணும்?"

"கரை கசியுது பாய். வந்து பாக்கணும்."

"இத வாயால சொல்ல உங்களுக்கு எம்புட்டு நேரம் ஆச்சு?"

மொக்கைச்சாமிக்குச் சுருக்கென்றது. காகிதத்தை வாங்கிப் பின்பக்கம் கோபமாகக் கிறுக்கினார். 'கரை கசிகிறது. வா. பார். அடை.' நீட்டினார். "போதுமா?"

"இது மாட்டுக்காரன் மாட்டுக்குச் சொல்றது" என்றார் யூனுஸ் முகம் மாறாமல். "மேலே இருக்கிறதக் கழிக்கணும், அதுக்காக மரியாதையைக் கழிக்கக் கூடாது. மரியாதை கற்பகத்துலயும் இமயத்துலயுமா இருக்கு? 'ஐயா, வணக்கம்'னு ஆரம்பிங்க. 'அவர்கள்' போடுங்க. 'கேட்டுக்கொள்கிறோம்'னு முடிங்க. அதுக்குள்ள என்ன வேணும்னு முதல் வரியிலயே சொல்லிருங்க. எந்த ஆபீசரும் கோவிச்சுக்க மாட்டாரு."

பேனாவை எடுத்தார் யூனுஸ். நித்திய கற்பகமும் கருணைக் கடலும் கடமையின் இமயமும் ஒரே கோட்டில் போயின. அந்த இடத்தில் 'மதிப்பிற்குரிய என்ஜினியர் அவர்களுக்கு' என்று வந்தது. 'தங்கள் பொற்பாதம் எங்கள் மண்ணில் பட' என்பது 'நேரில் வந்து' ஆனது. 'திருக்கண் நோக்கி அருளி' என்பது 'பார்வையிட்டு' ஆனது. 'அடிபணிந்து இறைஞ்சும் எளியோம்' போய் 'ஊர் மக்கள்' வந்தார்கள். ஒவ்வொரு கோடு விழும்போதும் மொக்கைச்சாமிக்குத் தன் பல்லைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது.

"விழிநீர்?" என்றார் யூனுஸ்.

"கசிவு" என்றார் மொக்கைச்சாமி. செத்த வீட்டில் பேசுகிற குரலில்.

கடைசி வரிக்கு வந்தார்கள். 'தங்கள் பொன்னான நேரம் வாய்க்கும் நற்பொழுதில்.'

"பாய், இத மட்டும் விடுங்க. பெரிய ஆபீசர வான்னு கூப்பிடுறோம். அவருக்கு ஆயிரம் ஜோலி. நம்ம இஷ்டத்துக்கு வரச் சொல்ல முடியுமா? இதுகூட இல்லன்னா மொட்டையா நிக்கும்."

யூனுஸுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. "சரி, பொன்னான வேணாம். நற்பொழுதும் வேணாம். 'தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது'. எளிமையாவும் இருக்கு, பணிவாவும் இருக்கு."

டைப் அடித்துக் கையில் வாங்கியபோது அரைப்பக்கம்கூட இல்லை. இதைப் படித்தால் தன்னை யாரும் கவிஞர் என்று சொல்ல மாட்டார்கள் என்று மொக்கைச்சாமி நினைத்துக்கொண்டார். ஆபீசில் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்.

அன்று சாயங்காலம் கரைப்பக்கம் போனார். புல்லுக்கடியில் தண்ணீர் நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. தெளிவாகத்தான் இருந்தது. மேலே கரைக்கு அந்தப்பக்கம், தன் வீட்டுக் கூரையை விட உயரத்தில், கண்மாய் சத்தமில்லாமல் நின்றது. அதை இப்படி அண்ணாந்து அவர் என்றும் பார்த்ததில்லை.

இந்தத் தடவை பதில் சீக்கிரமே வந்தது. தபால்காரர் கொடுத்ததை மொக்கைச்சாமி சாவடியில் எல்லோர் முன்னாலும் பிரித்து வாசித்தார். 'தங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் கசிவு உள்ளதாக எழுதிய மனு கிடைத்தது. தாங்கள் கேட்டுக்கொண்டபடி, நேரம் கிடைக்கும்போது வந்து பார்வையிடப்படும்.'

"பரவால்லையே, நாம கேட்டபடியேன்னு மரியாதையாத்தான் போட்டுருக்காக" என்றார் ஒருவர்.

மொக்கைச்சாமி இன்னொரு தரம் படித்தார். தன்னுடைய வரி. பொன்னைச் சுரண்டி, நற்பொழுதைச் சுரண்டி மிச்சம் வைத்த வரி. உள்ளே இருந்ததை யாருமே தொடவில்லை. எப்போ வேணும்னாலும் வா, வராட்டியும் சரி என்று அது அப்படியே இருந்தது.

பேயாண்டி கரையிலிருந்து இறங்கி வந்தார். ஓடி வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. முழங்கால் வரைக்கும் செம்மண் சேறு.

"கலங்கிருச்சு" என்றார்.

அடுத்த பஸ்ஸில் மொக்கைச்சாமி ஓடிப்போய் ஏறினார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அந்தப் பதிலின் பின்பக்கத்தை மடியில் வைத்து எழுதினார். பஸ் குலுக்கியதில் எழுத்து கோணியது. வாயில் 'ஆபத்பாந்தவரே' என்று வந்தது. எழுதவில்லை. ஆபீசில் கிளார்க் மேஜையைத் தாண்டி நேரே உள்ளே போய் நீட்டினார். என்ஜினியர் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் படித்தார்.

'ஐயா, வணக்கம். நேரம் கிடைக்கும்போது என்று எழுதியது என் தவறு. தென்மடைக் கசிவு இன்று காலையிலிருந்து கலங்கி வருகிறது. கரைக்குக் கீழே எங்கள் வீடுகள் இருக்கின்றன. இன்றே வந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.'

என்ஜினியர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "டிரைவர் எங்க?" என்றார். போகிற வழியில் சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தை ஒரு கணம் பார்த்தார்.

ஜீப் ஆலங்குண்டுக்குள் நுழையும்போது மழை திரும்பவும் பிடித்திருந்தது. நூலாக இருந்தது இப்போது மணிக்கட்டுத் தண்டிக்கு வந்து, டீ நிறத்தில் கொப்புளித்தது. என்ஜினியர் கையை விட்டு அள்ளிப் பார்த்தார். விரலிடுக்கில் மண் தங்கியது.

"மடையை முழுசாத் திறங்க. மணல் மூட்டை போடச் சொல்றேன், ஆனா அதை நம்பாதீங்க. கீழ எத்தனை வீடு?"

"ஒரு தெருவே இருக்குங்கய்யா."

"யாரும் இருக்கக் கூடாது. சீக்கிரம் சொல்லுங்க."

மொக்கைச்சாமி சாவடிக்கு ஓடி மைக்கைப் போட்டார். கூம்பு கரகரத்தது.

கீழத்தெருவில் வழக்கப்படி யாரும் அசையவில்லை. முத்துத்தாய்க் கிழவி வாசலில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தாள். "உலை வச்சிட்டியாடி? ஆரம்பிக்கப் போறான்" என்று மருமகளிடம் சொன்னாள். அன்னக்கொடி கோழிகளைக் கூடையில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

சாவடியில் மொக்கைச்சாமி மைக்கைத் தட்டிப் பார்த்தார். பேரன்பும் பெருமதிப்பும் தொண்டை வரைக்கும் வந்து முட்டிக்கொண்டு நின்றன. விழுங்கினார்.

"கீழத்தெரு மக்களுக்கு வணக்கம். கண்மாய்க் கரை தாங்காது. பிள்ளைகளையும் பெரியவங்களையும் கூட்டிக்கிட்டு இப்பவே கோயில் மேட்டுக்கு வந்திருங்கன்னு கேட்டுக்கிறேன்."

அவ்வளவுதான். ஸ்பீக்கர் நின்றுவிட்டது.

தெருவில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. முத்துத்தாய் வெற்றிலையை வாய்க்குக் கொண்டுபோன கையோடு இருந்தாள்.

"என்னத்தா, நின்னு போச்சு? கரண்டு போயிருச்சா?" என்றாள் மருமகள்.

கிழவி வெற்றிலையைக் கீழே போட்டாள். "கரண்டு இருக்குடி. மொக்கைச்சாமி மொட்டையாச் சொல்றான். பிள்ளையத் தூக்கு."

அன்னக்கொடி கோழிக்கூடையை அப்படியே விட்டாள். இருபது வருஷத்தில் அவள் புருஷன் ஒரு அடைமொழிகூட இல்லாமல் பேசி அவள் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே ஓடினாள். கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. யாரும் கத்தவில்லை. பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கிழவர்களைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெரு மொத்தமும் மேட்டை நோக்கி நகர்ந்தது.

சாவடி வாசலில் என்ஜினியர் நனைந்து நின்றார். கரைப்பக்கம் இருந்து பொதக்கென்று ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. சேற்றில் மூட்டை விழுந்த மாதிரி. பேயாண்டி கரைமேல் நின்று, மண் சரிகிறது என்று துண்டை வீசினார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் என்ஜினியர். "யாராவது உள்ள இருக்கலாம்."

மொக்கைச்சாமி மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். மேட்டில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதே வார்த்தைகளை, ஒன்றைக்கூட அதிகம் சேர்க்காமல், திரும்பவும் சொன்னார்.