டெஸ்டிங்கிலிருந்து யாரும் போவதில்லை

எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு முறை, யார் யார் வேலையை விட்டார்கள், எந்தப் பிரிவிலிருந்து, எத்தனை மாதம் இருந்துவிட்டு என்று அட்டவணை போட வேண்டும். மனிதவளப் பிரிவில் அதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒரே ஜீவன் நான். இந்த வருஷம் டெஸ்டிங்குக்கு நேரே பூஜ்யம் வந்தது. மென்பொருளில் பிழை தேடும் பிரிவு அது; நூறு பேருக்கு மேல் இருந்தும் ஒரு ஆள்கூடப் போகவில்லை. பெஞ்சுக்கு நேரே முந்நூற்றுப் பத்து சதவீதம்.

பெஞ்ச் என்றால் ப்ராஜெக்ட் இல்லாதவர்களை உட்கார வைக்கும் பிரிவு. வருஷச் சராசரி பத்துப் பேர்; விட்டுப்போனவர்கள் முப்பத்தொரு பேர். கணக்கு சரியாகவே இருந்தது. இரண்டு தடவை போட்டுப் பார்த்தும் அதேதான் வந்தது.

மனிதவளத் தலைவி மேடத்துக்கு ஒரே குஷி. "கண்டுபிடிச்சாச்சு! ஓட்டை பெஞ்ச்லதான். அங்க மேனேஜர் யாரு?"

யாரும் கிடையாது. ஆனால் மேனேஜர் கட்டம் காலியாக இருந்தால் மென்பொருள் சேமிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அந்தத் தொல்லைக்காக என் பெயரை நானே போட்டுத் தொலைத்திருந்தேன்.

"நீங்களா?" மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "முப்பத்தொரு பேரை விரட்டியிருக்கீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள விளக்கம் வேணும். இல்லன்னா முப்பத்திரண்டாவது ஆள் நீங்கதான்."

நான் ஒரு தடவைகூடப் பார்த்திராத என் டீமைத் தேடிப் போனேன். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் ஒரு வரிசை நாற்காலி. எட்டுப் பேர் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களைப் போகவிடாம வச்சுக்கணும். என்ன செய்யலாம்?" என்று கேட்டேன்.

ஓரத்தில் இருந்த பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "சார், நாங்க பேப்பர் போட்டுத்தான் இங்க வந்திருக்கோம். டெஸ்டிங்ல ராஜினாமா மெயில் அனுப்பினா, மறுநாளே ஜீரோ சார் பெஞ்சுக்கு மாத்திடுவார். நோட்டீஸ் மூணு மாசமும் இங்கதான்."

ஜீரோ சார் என்பது டெஸ்டிங் தலைவர். என் அக்கா வீட்டுக்காரர். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்த மாமா.

ஓடிவந்து, கடைசி நாளில் இருந்த பிரிவை விட்டுவிட்டு, ராஜினாமா செய்த நாளில் இருந்த பிரிவை வைத்துக் கணக்கைத் திருப்பிப் போட்டேன். முப்பத்தொரு பேரில் இருபத்தெட்டுப் பேர் டெஸ்டிங். நோட்டீசில் இருந்தவர்களையும் அங்கேயே திருப்பிச் சேர்த்தால் பிரிவின் சராசரி நூற்றுப் பன்னிரண்டு. இழப்பு இருபத்தைந்து சதவீதம். பணிக்காலம் வாரியாகப் பிரித்தபோது இன்னும் அழகு: இருபத்தெட்டுப் பேரும் இருபத்துநாலாவது மாதம் முடிந்ததும் பேப்பர் போட்டவர்கள். டெஸ்டிங்கில் சேரும்போது, நடுவில் விட்டுப் போகமாட்டேன் என்று எழுதி வாங்கும் பாண்டு இரண்டு வருஷம். அது முடிந்த மறுநாள் பறந்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை அக்கா போன் செய்தாள். "டெஸ்டிங்ல ஒருத்தர்கூடப் போகலன்னு உன் மாமாவுக்கு இந்த வருஷமும் விருது தராங்கடா. துணைத் தலைவர் பதவியும் வருதாம். நீ ஏதோ நோண்டிட்டு இருக்கியாமே?"

"அக்கா, என் வேலை போயிடும்."

"அவரால வந்த வேலைதானே?" என்று வைத்துவிட்டாள். எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. அவள் என்னைத் தூக்கி வளர்த்தவள்.

வெள்ளிக்கிழமை திரையில் அட்டவணையைப் போட்டேன். மாமா எதிரே உட்கார்ந்திருந்தார். மறுப்பார், கத்துவார் என்று நினைத்தேன். மனிதர் தலையாட்டினார்.

"கணக்கு சரி மேடம். பையன் கெட்டிக்காரன். நான் அப்படித்தான் செய்யறேன்."

மேடம் திரைப் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "அப்போ பேப்பர் போட்டவங்களை மாத்திட்டா, பிரிவுல இழப்பே வராதா?"

"வராது."

"எல்லாப் பிரிவும் இதையே செஞ்சா?"

"எல்லாத்துலயும் பூஜ்யம். பெஞ்ச் ஒரு பிரிவே இல்லன்னு அறிக்கையில எடுத்துட்டா, கம்பெனிக்கே பூஜ்யம்."

அறையில் கைதட்டினார்கள். "அவங்க ஏன் போறாங்கன்னு யாராவது கேக்க வேண்டாமா? பாண்டு முடிஞ்ச மறுநாள் ஓடறாங்க மேடம்!" என்று கத்தினேன். யார் எங்கே போகிறார்கள் என்று மேடம் கேட்டார். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

திங்கட்கிழமை எனக்கு மெயில் வந்தது. இழப்பே இல்லாத கம்பெனிக்கு இழப்பு ஆய்வாளர் தேவையில்லை என்பதால் என்னைப் பெஞ்சுக்கு மாற்றியிருந்தார்கள். கையெழுத்து, துணைத் தலைவர்.

அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஏன்டா, உன்னை வேலையை விட்டா தூக்கிட்டாங்க? இடம்தானே மாத்தியிருக்காங்க?" என்றாள். மாமா சொல்லிக் கொடுத்தது அப்படியே வந்தது. ஆனால் அவள் குரலில் பொய் இல்லை, நம்பித்தான் சொன்னாள்.

பெஞ்சுக்குப் போன எவரும் தொண்ணூறு நாளைத் தாண்டியதில்லை. அதைக் கணக்கிட்டவன் நான். அவளிடம் அதைச் சொல்லவில்லை.

"ஆமாக்கா, இடம்தான்" என்றேன்.