சாந்தினி பேரில் இன்னொரு வீடு

தினேஸ்வரன் போன் செய்தபோது என் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். போனை நான்தான் எடுத்தேன். எடுக்காமல் இருந்திருந்தால் அன்றைய காலை நிம்மதியாகப் போயிருக்கும். ஆனால் என் கை சும்மா இருக்காது.

"அக்கா, அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. ரெண்டு மாச நோட்டீஸ் குடுக்கிறேன். மொதலாளி திரிங்காப் தோட்டத்துலயே குவாட்டர்ஸ் கட்டிட்டாரு. பசங்கள அங்கயே வெச்சிக்கச் சொல்லிட்டாரு."

தினேஸ்வரன் பூந்தோட்டத்தில் சூப்பர்வைசர். மலையூரான பிரிஞ்சாங்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்களுக்கு இருக்கும் வீட்டில்தான் அவனும் ஐந்து தொழிலாளிகளும் குடியிருந்தார்கள். மாதம் ஆயிரத்து முந்நூறு வெள்ளி வாடகை. ஒருநாள்கூடத் தவறியதில்லை.

"இன்னொன்னு, அக்கா. பாத்ரூம் தண்ணி கீழ் வீட்டுக்கு ஒழுகுது. அவங்க மேனேஜ்மென்ட்ல கம்ப்ளெய்ன் பண்ணிட்டாங்க. தரையப் பேத்துட்டுதான் பைப்ப மாத்தணுமாம். வீட்டுக்காரங்கதான் செய்யணும்லா."

துண்டைக் கட்டிக்கொண்டு வந்தவரிடம் சொன்னேன். அவர் பெயர் பக்கிரிசாமி. தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருஷமாக லோரி ஓட்டுகிறார். எதற்கும் பதறாத மனுஷன். அன்று தலை துவட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"இன்னிக்கு வாயத் தெறக்காத, அம்சா. கையெழுத்து முடியட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்."

"யார்கிட்ட வாயத் தெறக்கக் கூடாது? ஏஜெண்ட் மகேன்கிட்டயா, நம்ப மககிட்டயா?"

"ரெண்டு பேர்கிட்டயும்தான்."

கையெழுத்துப் போடப் போவது அவரில்லை, எங்கள் மகள் சாந்தினி. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் தாதி. இவருக்கு வயது ஐம்பத்தொன்பது. இந்த வயதில் எந்த பேங்கும் நீண்ட வருஷத்துக்குக் கடன் தராது. அதனால் முதல் வீட்டுக் கடன் அவள் பேரில்தான் இருக்கிறது. முப்பத்தைந்து வருஷக் கடன், மாதம் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போகிறது. இப்போது அதே கட்டடத்தில் இரண்டாவது வீடு. விலை இரண்டு லட்சத்து ஐம்பதாயிரம். அதற்கும் ஆயிரத்துச் சொச்சம் தவணை. அவள் சம்பளம் மட்டும் என்றால் பேங்க் மறுத்திருக்கும். முதல் வீட்டு வாடகை ஒப்பந்தத்தைக் காட்டியதால்தான் கடன் கிடைத்தது. அந்த வாடகைதான் இப்போது போகப் போகிறது.

காரில் போகும்போது அவர் வாய் ஓயவில்லை. பயந்தால் அவருக்குப் பேச்சு அதிகமாகும்.

"வாடகை ஆயிரத்து முந்நூறு, தவணை ஆயிரம். மாசம் முந்நூறு வெள்ளி சும்மா வருது. ரெண்டு வீடுன்னா அறநூறு. நான் ரிட்டையர் ஆனப்புறம் கைச்செலவுக்கு அது போதாதா?"

"பைப்பு மாத்துற காசு?"

"அது ஒரு தடவ செலவு."

"போன வருசம் தண்ணி ஹீட்டர் மாத்துனீங்க. அதுக்கு முந்தின வருசம் செவுரு முழுக்கப் பாசி பிடிச்சிப் பெயிண்ட் அடிச்சீங்க. அதெல்லாமும் ஒரு தடவதானே?"

அவர் கியரை மாற்றினார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. நாங்கள் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டிலேயே இன்றுவரை இருப்பவர்கள். வாடகை கிடையாது. கூரை ஒழுகினால் தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் சொன்னால் போதும், ஆள் வந்துவிடும். எங்கள் கைக்காசைப் போட்டு ஓர் ஆணி அடித்ததில்லை. அதனால் வீடு என்பது தீனி கேட்கிற ஜீவன் என்று இவருக்குத் தெரியவே இல்லை. பராமரிப்புக் கட்டணம் மாதம் நூற்றைம்பது கேட்டு நோட்டீஸ் வந்தபோது, "சொந்த வீட்டுக்கு எதுக்குடா காசு கேக்கிறான்?" என்று சண்டைக்கே போனவர் இவர்.

வழக்கறிஞர் அலுவலகம் தானா ராத்தாவில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்தது. சாந்தினி வெள்ளை உடுப்போடு எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகேன். என் நாத்தனார் மகன், வீடு விற்றுக்கொடுக்கும் ஏஜெண்ட். நல்ல பையன்தான். ஆனால் விற்கிறவன் வாயில் மழைக்காலமே வராது.

"வாங்க மாமா, வாங்க அத்தை. எல்லாம் ரெடி. புக்கிங் ஐயாயிரம் போக மீதி இருவதாயிரம் கொண்டாந்தீங்களா?"

என் வீட்டுக்காரர் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். அவருடைய இபிஎப் சேமநிதிப் பணத்திலிருந்து எடுத்த பேங்க் டிராப்ட். அந்த ஐயாயிரத்திலும் ஒரு கதை இருக்கிறது. அதில் மூவாயிரத்துச் சொச்சம் தினேஸ்வரன் குடிவந்தபோது கட்டிய டெபாசிட். அவன் காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டிய பணம். வீட்டுச் செலவுக்கு இருந்ததோடு சேர்த்து அதையும் தூக்கி புக்கிங் கட்டிவிட்டார்.

வழக்கறிஞர் அம்மா தடித்த ஒப்பந்தத்தை மேசையில் வைத்தார். கையெழுத்துப் போட வேண்டிய பக்கங்களில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

"நல்லா வாசிச்சிட்டு சைன் பண்ணுங்க, மிஸ் சாந்தினி. இப்ப வேணாம்னு சொன்னா புக்கிங் ஐயாயிரம் மட்டும் போகும். சைன் பண்ணிட்டுப் பின்வாங்குனா பத்து விழுக்காடு, இருபத்தஞ்சாயிரம் போயிடும்." சொல்லிவிட்டு இன்னொரு நகல் எடுக்க உள்ளே போனார்.

சாந்தினி பேனாவை எடுத்தாள். அவர் என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன் பேச்சைத் தட்டுவதா, பெற்ற பெண்ணைக் கிணற்றில் தள்ளுவதா? கணவன் மானம் பெரிதுதான். ஆனால் கடன்காரன் வந்து நின்றால் கதவைத் திறக்கப் போகிறவள் அவள்.

"சாந்தினி, பேனாவக் கீழ வை. தினேஸ்வரன் காலி பண்றான்."

"அம்சா!" என்றார் அவர். அந்தக் குரலுக்கு நான் புதுப்பெண்ணாக இருந்தபோது நடுங்கியிருக்கிறேன். அன்று நடுங்கவில்லை.

"அப்பா, ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் சாந்தினி.

"காலைலதான் தெரியும். அதுக்கென்ன இப்ப? அவன் போனா இன்னொருத்தன் வருவான்."

"அதானே மாமா," மகேன் உடனே பிடித்துக்கொண்டான். "பிரிஞ்சாங்ல வீட்டுக்கு ஆளா இல்ல? ஹோம்ஸ்டே போட்டாலும் ஸ்கூல் லீவுல ரூம் கெடைக்காதுலா."

"மத்த நாள்ல?" என்றாள் சாந்தினி. "திங்கக்கெழம ராத்திரி யாரு வருவா? அந்தக் கட்டடத்துல ஹோம்ஸ்டேக்கு விடுவாங்களா, அதக் கேட்டியா?"

மகேன் தலையைச் சொறிந்தான்.

அவள் போனில் கணக்குப் போட ஆரம்பித்தாள். சத்தமாகச் சொல்லிக்கொண்டே போட்டாள். முதல் வீட்டுக்கு வருஷம் பதினைந்தாயிரத்து அறுநூறு வாடகை. பராமரிப்பு ஆயிரத்து எண்ணூறு போச்சு. மதிப்பீட்டு வரி, நில வரி ஐந்நூறு. ஆள் மாறும்போது ஒரு மாதமாவது வீடு சும்மா கிடக்கும், ஆயிரத்து முந்நூறு. ரிப்பேர் ஆயிரத்தைந்நூறு. மிஞ்சுவது பத்தாயிரத்து ஐந்நூறு. அந்த வீட்டை வாங்கிய விலை இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு அது நாலரை விழுக்காடுகூட இல்லை. பேங்க் வட்டியே நாலுக்கு மேல்.

"தவண வருசத்துக்குப் பதினோராயிரத்து எண்ணூறு, அப்பா. ஆள் இருக்கிற வருசத்துலயே ஆயிரத்து முந்நூறு கைய விட்டுப் போவுது. வட்டி ஏறுனா இன்னும் போவும். ஒங்க முந்நூறு லாபம் எங்க இருக்கு?"

"வீட்டு வெல ஏறும்லா," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "ரெண்டு வீட்டு வாடகையும் சேந்தா சமாளிச்சிடலாம், மா. ஒன்னுல ஆள் இல்லாட்டியும் இன்னொன்னு தாங்கும்."

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. இத்தனை நாள் சோறாக்கிக்கொண்டும் கூலிக்கு ஹோட்டல் துணிகளைத் துவைத்துக்கொண்டும் இதை எப்படி விட்டேன்?

"என்னாங்க, அடுத்த வருசம் நீங்க ரிட்டையர் ஆனா லயத்து வீட்டுச் சாவியக் குடுத்துடணும். நாம எங்க போயிப் படுப்போம்?"

"இதென்ன கேள்வி? நம்ப வீடு இருக்கு. பிரிஞ்சாங் வீட்டுக்குப் போயிடுவோம்."

"அங்க நாம இருந்தா, அந்த வாடகைய யாரு குடுப்பா?"

அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். மகேன் தரையைப் பார்த்தான். அந்த ஒரு வீட்டில் எங்களைக் குடிவைத்து, அதே வீட்டிலிருந்து வாடகையும் வாங்கி, அதை வைத்து இரண்டாவது வீட்டுக் கடனையும் அடைத்துவிட்டார் என் வீட்டுக்காரர். எல்லாம் மனசுக்குள். குடியிருக்கும் வீட்டுக்குக் காசு ஆகும் என்பது எங்கள் பரம்பரையிலேயே யாருக்கும் தோன்றாத விஷயம். எங்கள் அப்பன் பாட்டன் யாரும் வாடகை கொடுத்ததில்லை. எனக்கே அந்த நிமிஷம்தான் தோன்றியது.

வழக்கறிஞர் அம்மா நகலோடு வந்தபோது சாந்தினி எழுந்து நின்றிருந்தாள். "மன்னிச்சிடுங்க மேடம், நான் சைன் பண்ணல," என்றாள். ஐயாயிரம் போனது போனதுதான். மகேன் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே இறங்கிப் போனான். போகட்டும். உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

கீழே கார் நிறுத்திய இடம்வரை அவர் எங்களுக்கு முன்னால் நடந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கார் கதவைத் திறக்காமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"மொதல்ல தினேஸ்வரன் டெபாசிட்ட எடுத்து வைக்கணும். பைப்பையும் மாத்திடலாம்," என்றார். பிறகு சாந்தினியைப் பார்த்தார். "அவன் போனப்புறம் வேற ஆள ஒரு வருசத்துக்கு வை. அப்புறம் அந்த வீட்ட எனக்கும் ஒங்கம்மாவுக்கும் வாடகைக்குக் குடு."

சாந்தினி சிரிக்கப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னப்பா பேசுறீங்க? அது ஒங்க வீடு."

"கடன் ஒன் பேர்ல இருக்கு. பேங்க் ஒன்னத்தான் புடிப்பான். மரக்கறி லோரி ஓட்ட என்னைக் கூப்பிட்டுக்கிட்டுதான் இருக்கானுங்க. சொல்லு மா, மாசம் எவ்வளவு கேப்ப?"

இந்த மனுஷன் யாரிடமும் வீடு கேட்டு நின்று நான் பார்த்ததில்லை. நடு ரோட்டில் பெற்ற மகளிடம் கேட்டுக்கொண்டு நின்றார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லடி, பாவி, என்று மனசுக்குள் கத்தினேன்.

சாந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"தவண, பராமரிப்பு எல்லாம் சேத்து ஆயிரத்து நூத்தம்பது, அப்பா. மாசம் ஏழாந்தேதிக்குள்ள குடுத்துடணும்."

ஒரு வெள்ளிகூடக் குறைக்கவில்லை. அவளை அறையலாம் போல இருந்தது எனக்கு. ஆனால் அவர் தலையாட்டினார். காலையிலிருந்து கூனியிருந்த முதுகு நிமிர்ந்தது.

"கட்டுப்படியாகும்," என்று சொல்லிவிட்டுக் கார் கதவைத் திறந்தார்.