மெல்பேர்ன் பதவிக்கு இரண்டு கடிதங்கள்

என் வாழ்க்கையில் நான் எழுதிய மகா மரியாதையான கடிதம் அது. அதனால்தான் எல்லாம் கெட்டது.

2006ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். சிட்னி பரமட்டாவில் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் ஒன்பது பேரை மேய்க்கிற டீம் லீடர் நான். மெல்பேர்ன் கிளைக்கு மனேஜராக வருகிறாயா என்று எழுத்தில் கேட்டார்கள். ஜூன் மாதம் தொடங்க வேண்டும், வீடு மாறும் செலவு கம்பெனியுடையது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். திங்கட்கிழமையே ஈமெயில் அனுப்பினேன். என்னை நினைத்ததற்கு நன்றி, இது எனக்குப் பெரிய கௌரவம். ஆனால் மகள் கௌசிகா பன்னிரண்டாம் வகுப்பு. மெல்பேர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில் பாடத்திட்டமும் பரீட்சையும் வேறு, நடுவருடத்தில் அவளைப் பிடுங்கி நட முடியாது. ஆகவே வருத்தத்துடன் மறுக்கிறேன். சிட்னியில் ஏதும் வந்தால் மறக்க வேண்டாம்.

ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் அது காரணமும் இல்லை.

காரணம் மெல்பேர்னில், கிளேட்டனில் இருந்தது. என் கணவர் சிறிதரனின் தமையன் இந்திரகுமார் வீடு. 1991இல் நாங்கள் வந்து இறங்கிய இடம். மனிதர் கராஜுக்குள் பற்றிஸ், ரோல்ஸ் என்று பொரித்த பலகாரங்கள் செய்து கலியாண வீடுகளுக்கும் பிறந்தநாள்களுக்கும் விற்றார். இரண்டு வருடம் மாவை உருட்டியதும் மடித்ததும் பொரித்ததும் நான். சம்பளம்? தங்க இடம் தந்தோமே என்பார்கள். வலது மணிக்கட்டில் எண்ணெய் கொட்டிய தழும்பு இன்னும் இருக்கிறது. சிட்னியில் வேலை கிடைத்த அன்று, நேர்த்தி தீர்ந்தவள் போல ரெயின் ஏறி ஓடி வந்தேன். இதையெல்லாம் ஆபீஸ் கடிதத்தில் எழுதுவார்களா? வெட்கப்பட்டுப் பரீட்சையை எழுதினேன்.

என் மேலாளர் சேஷாத்ரி சென்னைக்காரர். ஆபீஸில் எல்லோருக்கும் 'சேஷ்'. தமிழில் பேசும்போது மட்டும் 'சார்' எதிர்பார்ப்பார். என்னைச் சிபாரிசு செய்தது அவர்தான். என் மறுப்பைத் தன் முகத்தில் விழுந்த அடியாக எடுத்துக்கொண்டார். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணாக இருந்தால் அவர் அவளுடன்தான் பேசியிருப்பார். நான் தமிழச்சி அல்லவா, என் வீட்டுக்குப் போன் அடித்தார்.

செவ்வாய்க்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது சிறிதரன் குசினி வாசலில் நின்றார்.

"நீ மாட்டன் எண்டு எழுதிப் போட்டியாம்?"

"ஓம்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. சேஷாத்ரி சொல்லித்தான் எனக்குத் தெரியவேணுமோ?"

"நான் வரமாட்டன் எண்டு போன கிழமை முழுக்கச் சொன்னனான். நீங்கள் சிரிச்சனீங்கள்."

"பிள்ளையின்ர சோதினை எண்டு எழுதினியாம். அவர் ஜனவரிக்குத் தள்ளித் தாறாராம். சோதினை நவம்பரோட முடியுது. இனி என்ன சாட்டு?"

நான் மூடிய கதவின் சாவியை நானே கடிதத்தில் வைத்து அனுப்பியிருந்தேன். கௌசிகா தன் அறைக்குள் இருந்தே கத்தினாள், "ஐ டோன்ட் கேர், என்னை இழுக்காதேங்கோ!"

"அண்ணைக்கு நான் ஓம் எண்டு சொல்லிப் போட்டன்" என்றார் சிறிதரன்.

"என்னைக் கேக்காமலோ?"

"அவர் பிஸ்னஸைப் பெருப்பிக்கப் போறார். என்னையும் பங்காளியாச் சேர்க்கிறன் எண்டவர். எவ்வளவு காலம் நான் செக்கியூரிட்டி வேலை செய்யிறது? நீ பகல் ஆபீஸ், பின்னேரம் கொஞ்சம் கைகுடுத்தால்..."

"என்ன கை?"

"பற்றிஸ்தானே. உனக்குப் பழக்கப்பட்டதுதானே."

அந்தப் 'பற்றிஸ்தானே' எனக்குப் பற்றியெரிந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்பு, எண்ணெய் கொட்டிய அன்றும் இதே சொல்லைத்தான் சொன்னார். நான் பெரியத்தானுக்குப் போன் எடுத்தேன்.

"வாழ்த்துக்கள் பிள்ளை, மனேஜர் அம்மா!" என்றார் இந்திரகுமார். "மே மாசத்தில ஒரு கலியாணம், ஆயிரத்து இருநூறு பற்றிஸுக்கு ஓர்டர் எடுத்திட்டன். முதல்ல லீவு போட்டு ஒருக்கா வந்து என்ர மனுசிக்குக் கைகுடு. பிறகு ஒரேயடியா வரலாம்."

நான் ஆபீஸில் ஓம் சொல்லவேயில்லை. இவர் என் கைகளை விற்றே விட்டார்.

"யோசிச்சுச் சொல்லுறன் பெரியத்தான்" என்று வைத்தேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கடிதத்துக்குச் சொல் தேடத்தான் நேரம் கேட்டேன்.

புதன் காலை இரண்டாவது ஈமெயில். உங்கள் நம்பிக்கைக்கு என் நன்றி குறையவில்லை. தேதியைத் தள்ளித் தந்ததற்கும் நன்றி. ஆனால் முதல் கடிதத்தில் நான் பாதிக் காரணம்தான் எழுதினேன். மெல்பேர்னில் என் கணவரின் குடும்பத் தொழில் என் உழைப்பை எதிர்பார்த்து நிற்கிறது. அங்கே முன்பு இரண்டு வருடம் இருந்தேன், திரும்பப் போக மாட்டேன். அந்தச் சுமையோடு உங்கள் பதவியை நேர்மையாகச் செய்யவும் முடியாது. எந்தத் தேதி தந்தாலும் என் பதில் இதுதான். வேறொருவரைத் தேடுங்கள். என் வேலையைப் பற்றி இனி என்னிடம் மட்டும் பேசுங்கள்.

பத்து நிமிடத்தில் சேஷாத்ரி கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"வீட்டு அழுக்கையெல்லாம் ஆபீஸ்ல கொட்டிட்டீங்களேம்மா. இதை நான் மேல அனுப்பணும்."

"அனுப்புங்கோ. நீங்கள் என்ர வீட்டுக்குப் போன் அடிச்சதையும் சேர்த்து அனுப்புங்கோ."

அவர் முகம் கறுத்தது. "நல்லதுக்குத்தான் பேசினேன். உங்க ஹஸ்பெண்டே ஒத்துக்கிட்டாரு."

"இந்த வேலை அவருக்கு வரேல்லை சார்."

"இனிமே இந்த மாதிரி சான்ஸ் வராது, தெரிஞ்சுக்கோங்க."

வந்தாலும் இவர் தரப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். அது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்த மனேஜர் கதிரையில் ஒரு நாளாவது இருந்து பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே வந்து என் மேசையில் இருந்தபோது, ஒன்பது பேரும் என்னைப் பார்க்காத மாதிரி டைப் செய்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

அன்று பின்னேரம் பெரியத்தானுக்கு மூன்றாவது மறுப்பு, வாயாலே. "அந்த ரெண்டு வருசம் இருக்க இடம் தந்ததுக்கு நன்றி. நான் வரமாட்டன், ஜனவரியிலும் வரமாட்டன்."

"அப்ப ஆயிரத்து இருநூறை ஆர் செய்யிறது?"

"உங்கட பங்காளி இருக்கிறாரே. அவருக்கு லீவு கிடக்கு."

சிறிதரன் கோபத்தில் சிவந்து, நன்றி கெட்டவள் என்று என்னைத் திட்டி, மே மாதம் பையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினார். போகும்போது, "ஒரு மனுசருக்கு உதவி செய்யத் தெரியாதவள்" என்றார். நான் கதவைத் திறந்துவிட்டேன்.

ஐந்து நாளில் திரும்பி வந்தார். முதுகு நிமிரவில்லை. பங்குப் பேச்சு என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. மேசையடியில் இருந்துகொண்டு அதை அவிழ்த்தார். கொப்புளம், என் தழும்பு இருக்கிற அதே இடத்தில்.

என் கையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு வருசம் இதைத்தானே செய்தனீ. ஏன் எனக்கு ஒருக்காலும் சொல்லேல்லை?"

"சொன்னனான்" என்றேன். "நீங்கள்தான் பற்றிஸ்தானே எண்டனீங்கள்."

மருந்துப் பெட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, தேத்தண்ணி வைக்க எழும்பினேன். எனக்கு மட்டும்.