வரியோரத்து ஹைபன்

அந்த வாரம் அவள் வாய்திறந்து பேசியது தண்ணீர் கேன் போடுபவரிடம் மட்டும்தான். "வெச்சுட்டுப் போங்க" என்று. தங்கை தினமும் காலையில் போனுக்கு ஒரு பூப்படம் அனுப்புவாள். இவள் பதிலுக்கு ஒரு கும்பிடு போடுவாள். அதோடு இரண்டு பேருக்கும் அன்றைய கடமை தீர்ந்தது. கணவனும் அவளும் பிரிந்த பிறகு வீட்டில் சத்தம் போடுவது ஃபிரிட்ஜ் மட்டும்தான் என்றாகிவிட்டது.

பழைய புத்தகங்களை மின்நூலாக்கித் தருவது அவள் தொழில். பெரும்பாலும் மூலக் கோப்பு இருக்காது; அச்சுக்குப் போன பிடிஎஃப் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அதிலிருந்து எழுத்தை நகலெடுத்து ஒட்டினால் சிதறு தேங்காய்தான். பக்கத்தில் ஒவ்வொரு வரியும் எங்கே முடிந்ததோ அங்கே ஒரு வெட்டு. வரியோரத்தில் இடம் போதாமல் பிளந்த சொற்கள் ஹைபன் என்ற சிறு கோட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு பாதிப் பாதியாக நிற்கும். வாக்கியத்தின் நடுவயிற்றில் பக்க எண் உட்கார்ந்திருக்கும்.

இந்த முறை வந்தது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஒரு பெரியவர் ஓய்வுபெற்ற பின் எழுதிய புத்தகம். கப்பல், இரும்புக் கயிறு, உயரத்திலிருந்து பார்த்த கடல் என்று போகும். அவள் வழக்கம்போல வேலையைத் தொடங்கினாள். முதலில் பக்க எண்களையும் தலைப்பு வரிகளையும் நீக்கினாள். முற்றுப்புள்ளியோடு நின்று, ஓரம்வரை எட்டாத வரிகளைப் பத்தி முடிவு என்று கணக்கிட்டு அங்கெல்லாம் ஓர் அடையாளம் வைத்தாள். ஹைபனும் அடுத்து வரி முடிவும் வந்த இடங்களில் இரண்டையும் எடுத்துச் சொல்லை ஒட்டினாள். "இரண்டு-மூன்று" போன்ற அசல் ஹைபன்கள் வரியோரத்தில் மாட்டியிருந்தால் மட்டும் கையால் காப்பாற்றினாள். மிச்சமிருந்த வரி முடிவுகளை இடைவெளியாக்கினாள். கடைசியில் அடையாளங்களைப் பத்திகளாகத் திருப்பினாள். படித்துப் பார்த்தால் தண்ணீர் போல ஓடியது. பிழைதிருத்தி ஒரு இடத்திலும் சிவப்புக் கோடு போடவில்லை. பதிப்பாளருக்கு அனுப்பினாள், அவர் பெரியவருக்கு அனுப்பினார்.

மறுநாள் முற்பகலில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டுதான் எடுக்க வேண்டியிருந்தது.

"ஏம்மா, நீங்கதான் புஸ்தகத்த சரிபண்ணவங்களா?"

"ஆமா சார். ஏதாவது தப்பா?"

"ஆறாவது அத்தியாயம். என் வீட்டுக்காரி பேசுறா அதுல."

அவள் அவசரமாக ஆறாவதைத் திறந்தாள். பக்கவாதம் வந்த மனைவியைப் பார்த்துக்கொண்ட கடைசி நாட்கள் அவை. நடுவில் மனைவியின் பேச்சு ஒரே பத்தியாக இருந்தது: "தண்ணி கொஞ்சம் போதும் நீ போய் சாப்பிடு எனக்கு ஒண்ணும் இல்லை."

"நல்லாத்தானே இருக்கு சார்?"

"நல்லாத்தான் இருக்கு. அதான் பிரச்சினை. அவளுக்கு அப்படிப் பேச வரலம்மா. தண், அப்புறம் ணி. நடுவுல எச்சில் முழுங்குவா. அத அப்படியே வரி வரியா உடைச்சுதான் எழுதினேன். அச்சாபீஸ்காரன்கிட்ட சண்டை போட்டு அப்படியே போடவெச்சேன்."

பிடிஎஃப்பைப் பார்த்தாள். பக்கத்தின் இடது ஓரத்தில் ஒல்லியாக ஒரு தூண் நின்றது.

தண்-
ணி
கொஞ்-
சம்
போ-
தும்

அச்சுக்காரர் பிளந்த சொல்லுக்கும் நோய் பிளந்த சொல்லுக்கும் ஒரே ஹைபன். இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணி ஒட்டித் தொலைத்திருக்கிறோமே என்று அவளுக்கு முகம் எரிந்தது.

"மன்னிச்சுருங்க சார். இன்னைக்கே சரிபண்ணிடறேன்."

"திட்டுறதுக்குக் கூப்பிடலம்மா." குரல் இறங்கியது. "காலைல டீயோட உக்காந்து உங்க பிரதியப் படிச்சேன். சடசடன்னு பேசுறா. நல்லா இருந்தப்ப எப்படிப் பேசுவாளோ அப்படியே. நீ போய் சாப்பிடுன்னு அதட்டுற மாதிரி இருந்துச்சு. திரும்பத் திரும்ப அதையே படிச்சுக்கிட்டு இருந்தேன், டீ ஆறிப்போச்சு."

"அப்ப... அப்படியே விட்டுரட்டுமா?"

"வேணாம். அது பொய்யில்ல? அவ்வளவு கஷ்டப்பட்டு ஒவ்வொண்ணா சொன்னா. அத நாம லேசாக்கிடக் கூடாது. உடைச்சுருங்க."

போனை வைத்ததும் அந்த அத்தியாயத்தை மட்டும் பிடிஎஃப்பிலிருந்து மறுபடி நகலெடுத்தாள். இந்தத் தடவை மொத்தமாக மாற்றும் கட்டளை எதையும் கொடுக்கவில்லை. நகலையும் பிடிஎஃப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தாள். கணக்கு எளிதுதான்: வலது ஓரம்வரை நிரம்பி, அதற்குமேல் இடமில்லாமல் பிளந்திருந்தால் அது அச்சுக்காரரின் வேலை. முக்கால்வாசி வரி காலியாகக் கிடக்க நடுவிலேயே பிளந்திருந்தால் அந்த அம்மாவின் நாக்கு. அச்சுக்காரருடையவற்றை ஒட்டினாள். அம்மாவுடையவற்றை ஹைபனோடு தனி வரிகளாகவே விட்டு, திரையின் அகலம் மாறினாலும் குலையாதபடி கட்டாய வரி முடிவு கொடுத்தாள். செய்யச் செய்ய அந்த அம்மாவின் வேகத்திலேயே அவளும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ஒரு சொல்லை முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது!

ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டாள். பெரியவர் தன்போக்கில் எழுதிக்கொண்டே வந்த நீளமான பத்தி. சமையலறைக்குப் போக எழுந்ததாகவும், மனைவி, "கதவைச் சாத்-" என்றதாகவும் வரி முடிகிறது. அடுத்த வரியில் "தாதே" என்று தொடர்கிறது. வரி ஓரத்தைத் தொட்டு நிற்கிறது. கணக்குப்படி ஒட்ட வேண்டும். ஆனால் பேசுவது அந்த அம்மா.

ஒரு தடவை ஒட்டியதே போதும் என்று போனை எடுத்தாள்.

"சார், ஒரே ஒரு சந்தேகம். கதவைச் சாத்தாதேன்னு வருதே, அது உடைஞ்சு சொன்னாங்களா?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். புத்தகத்தைத் தேடுகிறார் போல என்று நினைத்தாள். அவர் எதையும் தேடவில்லை.

"இல்லம்மா. அது முழுசா வந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு தெரியல. நான் வாசப்படிலேயே நின்னுட்டேன். அப்புறம் அவ பேசின எதுவும் அப்படி வரல. அத ஒட்டிடுங்க. நடுவுல ஒண்ணும் இருக்கக் கூடாது."

"சரி சார்."

"சாப்பிட்டீங்களா?"

யாரும் அவளிடம் இப்படிக் கேட்டு எத்தனை காலமாயிற்று! சாப்பிடவில்லை. "சாப்பிட்டேன் சார்" என்றாள்.

"அப்ப வெச்சிடறேன்."

ஹைபனை அழித்தாள். கர்சர் முனையில் இரண்டு துண்டுகளும் நெருங்கி ஒன்றாயின. சாத்தாதே. பிறகு மற்ற அத்தியாயங்களையும் முதலிலிருந்து பிடிஎஃப்போடு ஒப்பிட ஆரம்பித்தாள். தப்பு எங்காவது இருந்துவிடக்கூடாதே என்றுதான் தொடங்கினாள். போகப்போக, எங்காவது இன்னொரு சந்தேகம் கிடைக்காதா, அதைச் சாக்கிட்டு ஒருமுறை கூப்பிட்டுவிட முடியாதா என்று தேடிக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. கப்பல்கள் வந்தன, போயின. இரும்புக் கயிறுகள் சுருண்டன. பிளந்த சொற்கள் எல்லாம் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தன. கிரேனைப் பற்றிக் கேட்கலாம் என்றுகூடத் தோன்றியது. என்னவென்று கேட்பது?

மாலையில் கோப்பைப் பதிப்பாளருக்கு அனுப்பினாள். ஆறாம் அத்தியாயம் ஆசிரியர் சொன்னபடி திருத்தப்பட்டது, வேறு சந்தேகங்கள் இல்லை என்று எழுதினாள். பதிப்பாளர் பதிலுக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினார்.

அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். உலை கொதிக்கும்வரை ஜன்னலருகே நின்றாள். பிறகு தங்கையின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. சற்றைக்கெல்லாம் ஒரு பூப்படம் வந்தது, அதன் கீழே: "மீட்டிங்ல இருக்கேன்க்கா, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல" என்று எழுதி, அனுப்பாமல் அழித்தாள். பிறகு எழுதினாள்: "முடிஞ்சதும் கூப்பிடு. சும்மா பேசணும்."