பிரிட்ஜில் வைக்காத ஊசி

சோலைமுத்துவுக்கு உயரமென்றால் பயமில்லை, ஊசியென்றால்தான் பயம். வலிக்குமென்று அல்ல, நாலு பேர் பார்த்துவிடுவார்களே என்று. தோஹா தொழில்பேட்டை கேம்பில் அவன் அறையில் எட்டுப் பேர், பிரிட்ஜ் ஒன்றே ஒன்று. அதில் இன்சுலினை வைத்தால் சாயங்காலத்துக்குள் போர்மேன் கலீலுர் ரஹ்மான் காதுக்குப் போய்விடும். சர்க்கரை வியாதிக்காரனை எவர் கட்டடச் சாரத்தில் ஏற்றுவார்?

காசநோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஊசி போட்டார்கள், சர்க்கரை இறங்கியது. சளியில் கிருமி இல்லை என்றானதும் கேம்புக்கு அனுப்பினார்கள். கொடுத்தனுப்பிய இன்சுலின் பெட்டியடியில் முடங்கியது. ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய சுகர் மாத்திரையையே திரும்ப விழுங்கினான். காச மாத்திரையை மட்டும் ஆஸ்பத்திரி நர்ஸ் கோசலா போன் வீடியோவில் பார்க்க, ஒருநாள் விடாமல் போட்டான். அதில் அவன் யோக்கியன்தான்.

நோன்பு மாதம் வேறு. அதே அறையில் தங்கி மெஸ்ஸில் சமைக்கும் முனியசாமி, இளைத்த உடம்புக்குச் சத்து வேணும் என்று நோன்பு திறக்கும் இப்தார் பேரீச்சையைக் கை கையாக அள்ளிக் கொடுத்தான், கூடவே மாம்பழ ஜூஸ். அன்பைத் தட்ட முடியுமா? தின்றான், பாவி.

சிகிச்சையின் இரண்டாம் மாதக் கடைசியில் சளியில் கிருமி திரும்பத் தெரிந்தது. மறுபடி தனியறை. மருந்துக்கு மசியாத கிருமியோ என்று சோதித்தார்கள், இல்லை. கோசலா விரலைக் குத்திப் பார்த்தாள். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. ஊசி எங்கே என்று கேட்டாள். பெட்டியடியில் என்றான்.

யாழ்ப்பாணத்துக்காரிக்குக் கோபம் வந்தது, குரல் உயரவில்லை.

"அண்ணை, காசம் சீனியை ஏத்தும். ஏறின சீனி கிருமியோட சண்டை பிடிக்க உடம்பை விடாது. நீங்கள் காசத்துக்குக் குடிக்கிற சிவப்பு மாத்திரை உங்கட பழைய சுகர் மாத்திரையின்ர வேலையையும் குறைச்சுப்போடும். ஒண்டை மறைச்சால் மற்றது சுகமாகாது."

கேம்ப் அறையில் இருப்பவர்களுக்கும் காசம், சர்க்கரை இரண்டையும் சோதிக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று முழுக்க சோலைமுத்து குமுறினான். எட்டு வருஷம் யாரை ஏமாற்றினோம்? நுரையீரல் போனபின் சாரம் எதற்கு, மசுரா பிடுங்க? மாலையில் அவனே போர்மேனுக்குப் போன் போட்டான்.

"பாய், எனக்கு எட்டு வருசமா சுகர். மறைச்சது தப்புதான். மேல ஏத்த வேணாம், கீழ ஸ்டோர்ல போடுங்க. நான் ஊசி போட்டுத் தேறி வருவேன்."

முதலில் உயிரோடு வந்து சேர் என்று சொல்லிவிட்டு வைத்தார் கலீலுர் ரஹ்மான்.

வேளைக்கு ஊசி, அளந்த சாப்பாடு, அதே காச மாத்திரை. ஒன்றரை மாதத்தில் சளி சுத்தமானது. மாத்திரைக் கணக்கு இன்னும் பல மாதம் பாக்கி. அவன் அசரவில்லை.

கேம்புக்கு வந்ததும் இன்சுலின் டப்பாவில் பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதினான். மற்ற ஏழு பேரும் பார்க்கத்தான் பிரிட்ஜைத் திறந்தான். மோர்ப் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு இன்சுலின் டப்பா இருந்தது. அதன்மேல் முனியசாமியின் பெயர்.